நீக்கு, சேர், மாற்று: லேக் மார்க்கெட் மாமா அனுப்பிய எட்டு வரிகள்

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் தென்னிந்திய மளிகைக் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர், கடையின் முகப்புப் படத்தைத் திருத்தித் தரச் சொல்லி எனக்கு ஒரு சீட்டு அனுப்பினார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டிருந்தார். அவர் சம்மதத்தோடு, கடைப் பெயரை மட்டும் விட்டுவிட்டு அப்படியே தருகிறேன்.

நீக்க வேண்டியது:
1. போர்டுக்கு மேல் தொங்கும் ஒயர் எல்லாம்
2. இடது பக்கம் இருக்கும் நீல வாளி
3. சுவரில் பழைய காலண்டர்
4. கடைக்கு முன்னால் ஹாக்கரின் தார்ப்பாய், பலகை, சாமான்

சேர்க்க வேண்டியது:
5. வாழை இலைக் கட்டு, பெரிதாக
6. கல்லாவுக்குப் பின்னால் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று

மாற்ற வேண்டியது:
7. பழைய போர்டுக்குப் பதில் புது போர்டு (பெங்காலி எழுத்தோடு)
8. காபிப் பொடி பழைய பாக்கெட்டுக்குப் பதில் புது பாக்கெட்டு

கீழே அடிக்கோடிட்டு ஒரு வரி: "பூஜைக்கு முன்னால் வேணும்."

கடைகளுக்குப் படம் திருத்திக் கொடுத்துப் பிழைக்கிறவனுக்கு இது நல்ல சீட்டுதான். "பளிச்சுன்னு பண்ணிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, முடித்த பிறகு ஒவ்வொன்றாகக் குறை சொல்பவர்களோடு ஒப்பிட்டால் மாமா தங்கம். மூன்று தலைப்பு, எண் போட்ட எட்டு வரி. ஆனாலும் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் இந்தச் சீட்டைத் திருத்த வேண்டியிருந்தது. கடை வைத்திருப்பவர்களுக்கும், என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து இந்த வேலை செய்பவர்களுக்கும் உதவும் என்பதால் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டாவது வரி. இடது பக்கம் நீல வாளி. படத்தைப் பார்த்தால் இடது பக்கம் இருப்பது நீல டிரம். அரிசி கொட்டி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டிரம். வாளி இருப்பது வலது பக்கம், கண்ணாடி ஷோகேஸுக்குக் கீழே. ஃபோன் போட்டேன்.

"மாமா, வாளியா, டிரம்மா?"

"வாளிதாம்பா. டிரம்மை எடுத்துடாதே, அதுல பொன்னி இருக்கு."

"வாளி வலது பக்கம்னா இருக்கு?"

"என்னோட இடது பக்கம்டா!"

முப்பது வருஷமாகக் கல்லாவில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர். தெருவில் நின்று எடுத்த படத்தில் அவருடைய இடது, நமக்கு வலது. கடைக்காரர் எழுதும் சீட்டில் இடது, வலது என்று வந்தாலே சந்தேகப்பட வேண்டும். இதற்குச் சுலபமான வழி, படத்தின் மேலேயே வட்டம் போட்டு எண் எழுதுவது. எல்லா ஃபோனிலும் படத்தின் மேல் விரலால் கிறுக்குகிற வசதி இருக்கிறது. நீக்குவதற்குச் சிவப்பு, சேர்ப்பதற்குப் பச்சை, மாற்றுவதற்கு மஞ்சள். சீட்டில் இருக்கும் எண்ணும் வட்டத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் போதும், திசையே சொல்ல வேண்டாம்.

அடுத்தது, சீட்டில் இல்லாத ஒன்று: படம் எதற்கு? கேட்டபோது, "கூகுள் மேப்புல போடணும், அப்புறம் ஆறடிக்கு மூணடி ஃப்ளெக்ஸும் அடிக்கணும்" என்றார். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நீள வாக்கில் சுமார் 1600 பிக்சலுக்கு வந்துவிடும். ஆறடி என்பது 72 அங்குலம். அங்குலத்துக்கு 22 பிக்சல்தான் தேறும். ஃப்ளெக்ஸில் அப்பளக் கட்டு எது, வடகம் எது என்று தெரியாது. அதே படத்தை 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஃபோன் எடுத்த முழு அளவு, பெரும்பாலும் 4000 பிக்சல், அப்படியே வரும். எதிர்ச்சாரியில் நின்று பார்க்கிற ஃப்ளெக்ஸுக்கு அது தாராளம். கூகுளுக்கு இவ்வளவு தேவையில்லை; அகலம் உயரம் இரண்டும் 720 பிக்சல் இருந்தாலே போதும் என்கிறது அவர்களுடைய பரிந்துரை. ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது: படத்தில் பெரிய மாற்றங்கள் கூடாது, படம் நிஜத்தைக் காட்ட வேண்டும். மாமாவின் எட்டு வரியையும் இந்த விதியை வைத்துத்தான் பிரித்தேன்.

நீக்குகிற வேலையிலிருந்து வருவோம்.

பலரும் நினைப்பது, ஒரு பொருளை அழித்தால் வேலை முடிந்தது என்று. பொருளை அழிப்பது சின்ன வேலை. அந்தப் பொருள் சுற்றுப்புறத்தில் விட்டுச் சென்ற தடயங்களை அழிப்பதுதான் பெரிய வேலை. மாமாவின் வாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கொல்கத்தாக் கட்டடம், சிவப்பு சிமென்ட் தரை, நன்றாகத் தேய்ந்து வழவழவென்று இருக்கும். வாளியை எடுத்த பிறகு அதன் நிழல் தரையில் நின்றது. நிழலை எடுத்தால், வாளியின் நீலம் தரையில் அடித்த மங்கலான சாயம் ஊதா நிறத்தில் தெரிந்தது. அதையும் சரிசெய்து முழுப் படத்தையும் பார்த்தால், ஷோகேஸ் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் பாதி வாளி! பக்கத்தில் இருந்த எண்ணெய் டின்னின் தகரத்தில் வளைந்து நெளிந்து இன்னொரு வாளி. இல்லாத பொருளுக்குப் பிரதிபலிப்பு இருந்தால், பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும். அதனால் எந்தப் பொருளை எடுத்தாலும் நிழல், சாயல், பிரதிபலிப்பு மூன்றையும் தேடிவிட வேண்டும்.

வாளி இருந்த இடத்தை நிரப்பப் பக்கத்துத் தரையை க்ளோன் ஸ்டாம்பால் எடுத்து வைப்போம். அங்கே வருகிற ஆபத்து, விரிசல். சிவப்புத் தரையில் மயிரிழை விரிசல்கள் ஓடும். ஒரே விரிசல் இரண்டு இடத்தில் வந்தால் அகப்பட்டுக்கொள்வோம். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டு, தபால் தலை அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். மணிக்கணக்காகப் பார்த்துப் பழகிப்போன கண்ணுக்கு அது புதுப் படமாகத் தெரியும், ஒட்டுப் போட்ட இடம் உடனே உறுத்தும். அந்த இடத்துக்கு வேறு மூலையிலிருந்து துண்டு எடுத்துப் போட்டால் தீர்ந்தது.

காலண்டர் சுலபம் என்று நினைத்தால் அதிலும் ஒரு கேள்வி உண்டு. பொய்லா பொய்ஷாக்குக்கு, அதாவது வங்காள வருஷப் பிறப்புக்கு, மொத்த வியாபாரிகள் கொடுக்கிற காலண்டர் அது. அதற்குப் பின்னால் சுவர் எப்படி இருக்கிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? சுற்றியுள்ள சுவரைப் பார்த்து நிரப்பலாம். ஆனால் பின்னால் ஸ்விட்ச் போர்டு இருக்கிறதா, ஜன்னல் இருக்கிறதா? மாமாவிடம் கேட்டால், "வெறும் சுவர்தான், ஒரு ஆணி இருக்கு" என்றார். இந்த ஒரு வரி சீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். நீக்கச் சொல்கிற ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில், "அதற்குப் பின்னால் இருப்பது" என்று ஒரு கட்டம் வேண்டும். தெரியாவிட்டால் பொருளை நகர்த்திவிட்டு ஃபோனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும்.

ஒயர்களில் நாங்கள் ஒரு சமரசத்துக்கு வந்தோம். போர்டின் எழுத்துகளை மறைத்துக் குறுக்கே ஓடியவற்றை மட்டும் எடுத்தேன். வானத்தில் தொங்குவதையும் கம்பத்தையும் விட்டுவிட்டேன். ஒயர் இல்லாத லேக் மார்க்கெட் தெருவைக் காட்டினால் உள்ளூர்க்காரன் சிரிப்பான்.

இப்போது நாலாவது வரி, ஹாக்கர். சீட்டில் எனக்குச் சிக்கலாகப் பட்டது இதுதான்.

கொல்கத்தா நடைபாதையைத் தெரியாதவர்களுக்கு: ராஷ்பிஹாரி அவென்யூவிலும் கரியாஹாட்டிலும் நடைபாதையின் இரு பக்கமும் ஹாக்கர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கடைக்கும் சாலைக்கும் நடுவில் அவர்கள் ஒரு சுவர் போல. 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் அரசும் மாநகராட்சியும் சேர்ந்து அவர்களை அகற்றின. அப்போது உருவானதுதான் ஹாக்கர் சங்கிராம் கமிட்டி. ஹாக்கர்கள் திரும்பி வந்தார்கள். 2014-இல் தெரு வியாபாரிகளுக்கென்று மத்திய சட்டமும் வந்தது. அரசாங்கம் செய்ய முடியாததை மாமா என்னை வைத்துப் படத்தில் செய்யப் பார்க்கிறார்.

தொழில்முறையில் முதல் சிக்கல், தார்ப்பாய்க்குப் பின்னால் கடையின் கீழ்ப்பாதியில் பெரும்பகுதி அந்தப் படத்தில் பதிவாகவே இல்லை. படியா, சாக்கு மூட்டையா, ஷோகேஸின் கால்களா? நான் கற்பனை செய்துதான் நிரப்ப வேண்டும். அது திருத்தம் இல்லை, ஓவியம்.

இரண்டாவது சிக்கல் வியாபாரத்தைச் சேர்ந்தது. மேப்பைப் பார்த்து முதல்முறை வருகிற வாடிக்கையாளர் எதை வைத்துக் கடையைக் கண்டுபிடிப்பார்? மாமாவையே கேட்டேன், ஃபோனில் வழி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று. "நைட்டி விக்கிறவன் நீலத் தார்ப்பாய் போட்டிருப்பான், அதுக்கு நேர் பின்னால…" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். கடையின் அடையாளமே அந்தத் தார்ப்பாய். படத்தில் அதை எடுத்துவிட்டால், வருகிறவர் பளிச்சென்று தெரியும் ஒரு முகப்பைத் தேடிக்கொண்டு இரண்டு முறை கடையைத் தாண்டிப் போவார்.

இதற்கு வழி கணினியில் இல்லை, கடிகாரத்தில் இருந்தது. ஹாக்கர்கள் கடை விரிக்கப் பத்து மணி ஆகும். மாமா பால், காபிப் பொடி வியாபாரத்துக்காக ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவார். கடை கிழக்கு பார்த்தது. எதிர்க் கட்டடத்துக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் நேராக ஷோகேஸில் அடித்துக் கண்ணைக் கூச வைக்கும். அதற்கு முன்னால் ட்ரைபாடைத் தெருவில் வைத்து எடுத்தோம். படி, சாக்கு, ஷோகேஸ் கால் எல்லாம் நிஜமாகவே இருந்தன. ஒரு பொய்யும் இல்லை. காலை ஆறரை மணிக் கடை அது. ஃப்ளெக்ஸுக்கு இந்தப் படம். மேப்புக்குத் தார்ப்பாயோடு பகல் படம்.

சேர்ப்பதற்கு வருவோம். வாழை இலைக் கட்டுக்கு மாமா ஓர் இணையதளத்திலிருந்து படம் எடுத்து அனுப்பியிருந்தார். யாரோ எடுத்த படம், உரிமை அவர்களுடையது. அதைத் தொடக்கூடாது என்பது ஒன்று. தொட்டாலும் ஒட்டாது என்பது இன்னொன்று. அந்த இலை மேலிருந்து பார்த்து எடுத்தது, வெயில் வலப்பக்கமிருந்து விழுகிறது. நம் கடைப் படம் கண் உயரத்தில் எடுத்தது, வெளிச்சம் தெருப் பக்கமிருந்து. ஒரு பொருளைக் கொண்டுவந்து வைப்பதென்றால் கேமரா உயரம், வெளிச்சத்தின் திசை, அளவு மூன்றும் பொருந்த வேண்டும். அதற்கும் மேல், பொருள் தரையைத் தொடுகிற விளிம்பில் மெல்லிய கரு நிழல் ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இலைக்கட்டு அரை அங்குலம் மிதக்கும்.

மாமாவின் கடையில் தினமும் வாழை இலை வருகிறது. அப்புறம் ஏன் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டும்? காலையில் படம் எடுத்தபோது கட்டைப் பிரிக்காமல் படியின் ஓரம் வைக்கச் சொன்னேன், தண்ணீர் தெளித்து. ஐந்தாவது வரி அங்கேயே முடிந்தது. சேர்க்கச் சொல்கிற பொருள் கடையில் இருந்தால், அதை வைத்துப் படம் எடுப்பது எந்தத் திருத்தத்தையும்விட மலிவு. கடையில் இல்லாத பொருள் என்றால், அதை ஏன் காட்ட வேண்டும் என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விதான் ஆறாவது வரியில் வந்தது. கடையில் தீயணைக்கும் சிலிண்டர் இல்லை. "அழகுக்குத்தான்" என்றார் முதலில். பிறகு மெதுவாக, இன்ஷூரன்ஸ்காரர்கள் கடைப் படம் கேட்டிருக்கிறார்கள், இதையே அனுப்பிவிடலாம் என்று நினைத்ததாகச் சொன்னார். இங்கே நான் நின்றுவிட்டேன். விளம்பரத்துக்குத் திருத்திய படம், பாலிசிக்குப் போகும்போது சாட்சியாகிவிடுகிறது. நாளைக்கு ஒரு விபத்து நடந்து, படத்தில் இருந்த சிலிண்டர் எங்கே என்று கேட்டால், மாமாவின் மொத்தக் கோரிக்கையும் ஆட்டம் காணும். இந்த ஊரில் சந்தைத் தீ என்பது கதை இல்லை. 2018 செப்டம்பரில் கேனிங் ஸ்ட்ரீட் பாக்ரி மார்க்கெட் நாள் கணக்கில் எரிந்தது. அடுத்த ஜனவரியில் நம் கரியாஹாட்டிலேயே எரிந்தது. அட்டைப்பெட்டி, எண்ணெய் டின், பழைய ஒயரிங் எல்லாம் மாமாவின் கடையிலும் உண்டு.

"மாமா, படத்துல வைக்க நான் வாங்கற காசுக்குக் கொஞ்சம் மேல போட்டா நிஜ சிலிண்டரே வந்துடும்" என்றேன். அந்த வாரமே ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட பவுடர் சிலிண்டர் ஒன்று வாங்கி, கல்லாவுக்குப் பின்னால் அல்ல, கையெட்டும் இடத்தில் வாசலுக்குப் பக்கம் மாட்டினார். இன்ஷூரன்ஸுக்கு அதைத் தனியாக எடுத்துக் கொடுத்தேன், ஒரு புள்ளிகூடத் திருத்தாமல்.

மாற்றுவது என்பது நீக்குவதும் சேர்ப்பதும் சேர்ந்த இரட்டை வேலை. புதிது பழையதைவிடப் பெரிதாக இருந்தால் பாதிக் கஷ்டம் குறையும், பழையதை அது மூடிவிடும். சிறிதாக இருந்தால் சுற்றிலும் ஓர் ஓட்டை திறக்கும், அதை நிரப்பும் வேலை தனி.

போர்டு நல்லவேளையாகப் பெரிது. பெயர்ப் பலகையில் வங்காள எழுத்தும் இருக்க வேண்டும் என்று கொல்கத்தா மாநகராட்சி வலியுறுத்துவதால் மாமா புது போர்டு அடிக்கக் கொடுத்திருந்தார். அது வருவதற்குள் படத்தில் வைத்துவிட ஆசை. போர்டுக்காரர் எழுத்தை மட்டும் டைப் செய்து அனுப்பியிருந்தார். அதைத் திறந்தால் எழுத்துகள் உடைந்து கிடந்தன. தமிழில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து போகுமே, பழைய ஃபோட்டோஷாப்பில் பார்த்திருப்பீர்கள். வங்காளத்திலும் அதே கொம்பு, அதே வியாதி. மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். படிக்கத் தெரியாத மொழியில் எழுத்து உடைந்திருப்பது நம் கண்ணில் படாது என்பதுதான் ஆபத்து. அதனால் எழுத்தை டைப் செய்து வாங்காதீர்கள், பி.டி.எஃப். ஆக வாங்குங்கள், முடித்த பிறகு அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எங்களுக்குக் கடையில் வேலை பார்க்கும் வங்காளி தாதா படித்துச் சொன்னார். புது போர்டு ஏறும்வரை படத்தை வெளியிடுவதில்லை என்று மாமாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். போர்டு வந்த பிறகு அதையும் நேராகவே படம் எடுத்தோம், ஒட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

கடைசி வரி, காபிப் பொடி. ஷோகேஸில் அடுக்கியிருப்பது காபி-சிக்கரி கலவை. புது பாக்கெட் என்று அவர் அனுப்பிய டிசைனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'பியூர் காபி' என்று போட்டிருந்தது. கீழே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில், பதினாலு இலக்கத்துக்கும் டிசைனர் சும்மா ஒன்று, இரண்டு, மூன்று என்று நிரப்பி வைத்திருந்தார். எம்.ஆர்.பி. இருக்கும் இடம் காலி. அதாவது அந்தப் பாக்கெட் இன்னும் பிறக்கவே இல்லை.

பேக்கிங் மாறியதற்காகப் படத்தை மாற்றுவது வேறு, சரக்கே வேறாக இருக்கும்போது மாற்றுவது வேறு. கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் எழுத வேண்டும் என்று உணவுச் சட்டமே சொல்கிறது. கலவை இருக்கும் அலமாரியில் 'பியூர்' என்று படத்தில் ஒட்டினால், அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிற தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குள் வந்துவிடும். விளம்பரத்தை நிறுத்து என்று வணிகருக்கே உத்தரவிட அதில் அதிகாரம் உண்டு. மாமாவுக்குச் சட்டத்தைவிட வேறொன்று உறைத்தது. "அதைப் பாத்துட்டு சௌத் இண்டியா கிளப் ஆள் ஒருத்தர் வந்து பியூர் குடுன்னு கேட்டா நான் எங்க போறது?" என்று அந்த வரியைத் தானே அடித்துவிட்டார்.

ஆக எட்டு வரியில் திருத்தும் வேலையாக மிஞ்சியது மூன்றுதான்: ஒயர், வாளி, காலண்டர். மூன்றும் நீக்கல். ஹாக்கர், இலை, போர்டு மூன்றையும் கேமரா பார்த்துக்கொண்டது. சிலிண்டரைக் கடை வாங்கியது. காபி காத்திருக்கிறது.

இப்போது புதிதாக வருகிற கடைக்காரர்களுக்கு நான் அனுப்பும் சீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு கட்டம் வைத்திருக்கிறேன்: படத்தில் எந்த எண், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, புதுப் பொருளின் படம் யார் எடுத்தது, நாளைக்குக் கடைக்கு வருகிறவர் கண்ணில் இது படுமா. நான்காவது கட்டத்தில் 'படாது' என்று எழுதினால் அந்த வரிக்கு நான் விலை சொல்வதில்லை, ஃபோன் போடுகிறேன். பாதி பேர் அந்தக் கட்டத்தை நிரப்பும்போதே வரியை அடித்துவிடுகிறார்கள். எனக்கு வருமானம் கொஞ்சம் குறைகிறது, 'இதை மறுபடி மாத்திக் குடு' என்கிற ஃபோன் நிறையவே குறைகிறது. கணக்குப் பார்த்தால் லாபம்தான்.